அழுகை நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று அர்த்தமா? துக்கமும் மனச்சோர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெருங்கிய ஒருவரை இழந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் அன்றாட வேலை. அவர்களும் அவர்கள் வீட்டாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். வேலைப்பளுவால் வரும் நெருக்கடியையும் டிப்ரெஷன் என்ற நோயையும் நாம் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே பெயரால் சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்தப் பக்கத்தில் ‘மனச்சோர்வு’ என்று வரும் இடமெல்லாம் அந்த நோயைத்தான் குறிக்கிறது.

அம்மா இறந்து மூன்று வாரம் ஆகிறது. தூக்கம் இல்லை, சாப்பிட முடியவில்லை, எந்நேரமும் அழுகை. எனக்கு மனச்சோர்வு வந்துவிட்டதா?

நீங்கள் சொல்லும் மூன்றையும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. தூக்கம் கெடுவது, பசி போவது, ஒரு வேலையில் மனம் நிற்காமல் அலைவது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடப்பது எல்லாம் துக்கத்திலும் உண்டு, மனச்சோர்விலும் உண்டு. மூன்றாவது வாரத்தில் இவை இல்லாதவர்களைத்தான் நான் குறைவாகப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஒற்றுமை மருத்துவர்களையே நெடுங்காலம் தடுமாற வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் முன்பு ஒரு விதிவிலக்கு இருந்தது. நெருங்கியவர் இறந்து 2 மாதம் ஆகும்வரை, மிகக் கடுமையான சில அறிகுறிகள் இருந்தாலன்றி, மனச்சோர்வு என்று முடிவுகட்டக் கூடாது என்றது அது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். இயல்பான துக்கத்துக்கு நோய் முத்திரை குத்துகிறீர்களே என்று அப்போது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கவலையில் நியாயம் இருந்தாலும், நீக்கியது சரி என்பதுதான் என் எண்ணம். வேலை போனால், மணமுறிவு நேர்ந்தால் மனச்சோர்வு வரலாம் என்று ஒப்புக்கொள்ளும் நாம், மரணத்துக்குப் பிறகு வந்தால் மட்டும் ‘அது துக்கம்தான், தானாகச் சரியாகும்’ என்று காத்திருக்கச் சொல்வது அந்த நோயாளிக்குச் செய்யும் கெடுதல்.

ஆகவே நாள்கணக்கு மட்டும் உங்களுக்கு விடை சொல்லாது. இரண்டு விஷயங்களில் மட்டும் காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு முன்பு எப்போதாவது மனச்சோர்வு வந்து சிகிச்சை எடுத்திருந்தால், அது திரும்பி வருவதற்கு இழப்பு ஒரு வாசல். அதே மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை சொல்லிவைத்துவிடுங்கள். மற்றொன்று, நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும். நெருங்கியவர் இறந்த முதல் சில நாள்களில் மாரடைப்பு அபாயம் உண்மையிலேயே கூடுகிறது. ‘துக்கம் நெஞ்சை அடைக்கிறது’ என்று நாம் சொல்வது வெறும் உவமையாகவே இருக்கவேண்டியதில்லை. நெஞ்சு வலித்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்படியென்றால் வித்தியாசத்தை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நான் மூன்று இடங்களில் பார்ப்பேன்.

முதலாவது, வலி வந்துபோகிறதா, அப்படியே உட்கார்ந்துவிட்டதா என்பது. துக்கம் அலையடிக்கும். அலமாரியைத் திறக்கும்போது சட்டையின் வாசனை வரும், உடனே ஆள் உடைந்துபோவார். அரை மணி நேரம் கழித்து அதே ஆள் வாசலுக்கு வந்தவரிடம் இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பார். அலை எதையோ தொட்டு எழுகிறது: ஒரு பொருள், ஒரு குரல், ஒரு தேதி. நாள் போகப் போக அலைகளுக்கு இடையே உள்ள தூரம் கூடும். மனச்சோர்வு அப்படி எழுந்து அடங்குவதில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து இரவுவரை, அநேகமாக எல்லா நாளும், எதுவும் தூண்டாமலேயே அந்தப் பாரம் இருக்கும். குறைந்தது இரண்டு வாரம் இப்படியே இருப்பதைத்தான் மருத்துவர்கள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வலி யாரைப் பற்றியது. துக்கத்தில் இருப்பவரைப் பேசவிட்டால் பேச்சு இறந்தவரையே சுற்றிவரும். அவர் இல்லை, அவர் குரல் இல்லை, அவரிடம் சொல்ல வேண்டியது சொல்லாமலே போயிற்று. குற்ற உணர்வும் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு கைப்பிடி இருக்கும்: ‘அன்று மருத்துவமனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போயிருக்கலாம்’, ‘கடைசியாகப் பேசியபோது எரிந்து விழுந்துவிட்டேன்.’ மனச்சோர்வில் பேச்சு மெல்லத் தன்மீதே திரும்பிவிடும். ‘நான் எதற்கும் உதவாதவள்.’ ‘என்னால் எல்லோருக்கும் பாரம்.’ இறந்தவருக்குச் சம்பந்தமே இல்லாத பழைய தவறுகளெல்லாம் குற்றப் பத்திரிகையில் ஏறும். இந்தத் திருப்பம் நுட்பமானது. ஆனால் ஒருமுறை கேட்கப் பழகிவிட்டால் தவறவிட மாட்டீர்கள்.

மூன்றாவது, மகிழ்ச்சிக்கான வழி திறந்திருக்கிறதா என்பது. துக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். சிரித்ததற்காகக் குற்ற உணர்வுகூடக் கொள்வார், ஆனாலும் சிரிப்பு வரும். நாளை மகள் வருகிறாள் என்றால் முகம் சற்று மலரும். மனச்சோர்வில் இருப்பவரை எது வந்தும் தொடுவதில்லை. நல்லது நடந்தால் மகிழ்வோம் என்ற எதிர்பார்ப்பே வற்றிப்போயிருக்கும்.

சொல்லும்போது புரிகிறது. அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் போவதுதான் வழக்கம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நாம் கண்ணீரை வைத்து அளக்கிறோம். ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியும், வேறு சிலருக்கு நடந்ததைச் சேர்த்தும் எழுதுகிறேன்.

ஐம்பத்தாறு வயது, நூலகத்தில் வேலை. கணவர் ஓர் இரவு தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். முதல் மாதம் வீடே அவரைப் பார்த்துப் பயந்தது. அப்படி அழுதார். கணவரின் மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. தினமும் அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்து, கால்களை மடக்கி, அதே இடத்தில் வைப்பார். வைத்ததும் அழுவார். ஒரு நாள் பேரன் தாத்தா தும்முவதுபோல் தும்மிக் காட்டினான். இவர் வாய்விட்டுச் சிரித்து, சிரிப்பிலேயே அழுகைக்குப் போனார்.

அப்போது மகள் அவரைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப்போனார். மருத்துவர் ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். உலகம் முழுவதும் மனச்சோர்வை அளக்கப் பயன்படும் படிவம் அது. கடந்த 2 வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். இவருக்கு 13 வந்தது. மனம் சோர்ந்திருப்பதற்கு 3, தூக்கத்துக்கு 3, களைப்பு, பசி, கவனக்குறைவு ஒவ்வொன்றுக்கும் 2. ஆனால் எதிலும் ஆர்வமில்லை என்பதற்கு 1தான். ‘நான் மோசமானவள், தோற்றுவிட்டேன்’ என்பதற்கு 0. மருத்துவர் எண்ணைப் பார்த்து மாத்திரை எழுதாமல், வரிகளைப் பார்த்தார். நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். அது சரியான முடிவு. போகாமல் விட்டதுதான் பிழை.

ஐந்தாவது மாதம் மகள் என்னிடம் தொலைபேசியில், ‘அம்மா இப்போது பரவாயில்லை, அழுவதே இல்லை, அமைதியாகிவிட்டார்’ என்றார். வேறொரு விஷயத்துக்காகத்தான் பேசினார். நான் மூக்குக்கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, ‘தூசி படிந்து கிடக்கிறது’ என்றார். பேரன்? அவன் அதே தும்மலைச் செய்து காட்டினானாம், பாட்டி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நூலகத்துக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். ‘என்னை வைத்து எதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்’ என்று ஒருமுறை சொன்னாராம்.

அந்த வாரமே மருத்துவரிடம் போனார்கள். அதே தாளில் இப்போது 18. ஐந்து எண் கூடியது பெரிய செய்தி இல்லை, எங்கே கூடியது என்பதுதான் செய்தி. சோர்ந்த மனநிலை 3இலிருந்து 2ஆகக் குறைந்திருந்தது. அழுகை நின்றதே! ஆனால் ஆர்வமின்மை 1இலிருந்து 3. தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம் 0இலிருந்து 3. ஒன்பதாவது கேள்வி, அதாவது இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம், 0இலிருந்து 1. அந்தக் கடைசிக் கேள்விக்கு 1 வந்தாலே, மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேருக்கு நேர் பேச வேண்டும். அவர் பேசினார்.

வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அழுகிறாரா என்று பார்க்காதீர்கள். முன்பு அவரைத் தொட்டது இப்போதும் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரே தும்மல், ஒரே பேரன், நான்கு மாத இடைவெளியில் இரண்டு பாட்டிகள்.

எனக்கு அழுகையே வரவில்லை. துக்கத்தின் ஐந்து கட்டங்களில் எங்கோ மாட்டிக்கொண்டேனா?

இல்லை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற அந்த ஐந்தை எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியபோது, தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றித்தான் எழுதினார். பின்னாளில் அது இழந்தவர்களுக்கான கால அட்டவணையாக மாறிவிட்டது. துக்கம் வரிசையாக நடப்பதில்லை. சிலர் வேலையில் மூழ்கி ஒரு பகலைக் கடத்துவார்கள், இரவில் புகைப்படத்தை எடுத்துப் பார்ப்பார்கள். இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பான துக்கத்தின் நடை என்று இப்போது பலர் கருதுகிறார்கள். நானும் அதைத்தான் பார்க்கிறேன். கண்ணீர் வராமலே துக்கப்பட்டு முடிப்பவர்கள் உண்டு. போய்வருதல் நின்று ஒரே பக்கம் தங்கிவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

இரவில் அவர் கூப்பிடுவது காதில் கேட்கிறது. நேற்று நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கணம் தெரிந்தது. மனநோயா இது?

இதைச் சொல்லும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் இதை நேரில் கேட்டு 1971இல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் ஏதோ ஒரு வடிவில் இருந்தது: அருகில் இருப்பதுபோன்ற உணர்வு, குரல், உருவம். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

முப்பது ஆண்டுகள் ஒரு குரலுக்குத் திரும்பிப் பழகிய காது ஒரே வாரத்தில் மறந்துவிடாது. அவர் இறந்துவிட்டார் என்று உங்களுக்குத் தெரிகிறது, குரல் உங்களை எதுவும் செய்யச் சொல்வதில்லை என்றால் பயப்படத் தேவையில்லை. குரல் கட்டளையிட்டால், உங்களைத் திட்டினால், ‘வந்துவிடு’ என்று அழைத்தால், அல்லது அவர் உயிரோடுதான் இருக்கிறார், மறைத்துவைத்திருக்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றத் தொடங்கினால் மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும்.

மகன் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன். ஆனால் அவன் போனதை இன்னும் நம்பவே முடியவில்லை. இது இரண்டில் எது?

இரண்டுமில்லாத மூன்றாவதாக இருக்கலாம். துக்கமே இறுகிப்போய், ஆறும் வழியை இழந்துவிடுவதை இப்போது ‘நீடித்த துயரம்’ என்று தனி நோயாகவே பட்டியலிட்டிருக்கிறார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் இழப்புக்குப் பிறகு குறைந்தது 6 மாதம் கடந்திருக்க வேண்டும் என்கிறது. முன்பு சொன்ன அமெரிக்க நூல், அதே ஆண்டு திருத்தி வெளியான பதிப்பில், பெரியவர்களுக்கு 12 மாதம், சிறுவர்களுக்கு 6 மாதம் என்கிறது.

இதில் உயிர்நாடி ஏக்கம். இறந்தவருக்கான தவிப்போ அவரைப் பற்றிய நினைவோ அநேகமாக எல்லா நாளும் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு நிற்கும். கூடவே நம்ப முடியாமை, ‘என்னில் ஒரு பாதி செத்துவிட்டது’ என்ற உணர்வு, அவனை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, மரத்துப்போவது, தனிமை, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் போன்றவற்றில் சில சேர்ந்திருக்கும். மனச்சோர்வில் இருப்பவர் எல்லாவற்றிலிருந்தும் விலகிவிடுவார். நீடித்த துயரத்தில் இருப்பவர் ஒரே ஓர் ஆளை நோக்கி முழு வேகத்தோடு இழுக்கப்படுவார். ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருப்பதும் சகஜம்.

காலக்கெடுவை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். குழந்தையை இழந்தவருக்கு 12 மாதத்தில் துக்கம் தீர்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, அது வாழ்நாள் முழுக்க இருக்கும். வலி இருக்கிறதா என்று கேட்காமல், முதல் மாதத்து வலி அதே கூர்மையோடு நின்று வாழ்க்கையை முடக்குகிறதா என்று கேட்க வேண்டும். இயற்கை மரணத்தால் ஒருவரை இழந்த பெரியவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த நிலை வருவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. விபத்து, கொலை, தற்கொலை போன்ற மரணங்களுக்குப் பிறகு இது பல மடங்கு அதிகம்.

வேறுபடுத்திப் பார்ப்பதால் என்ன பயன் என்றால், சிகிச்சை வேறு. கேத்தரின் ஷியர் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கென்றே 16 அமர்வுகள் கொண்ட பேச்சு சிகிச்சையை உருவாக்கினார். மரணம் நடந்த நேரத்தைக் கண்மூடி விவரித்துப் பதிவு செய்து கேட்பது, தவிர்த்துவந்த இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போவது, இறந்தவரோடு மனத்துக்குள் உரையாடுவது, தனக்கென ஓர் எதிர்கால ஆசையை மீட்டெடுப்பது எல்லாம் அதில் வரும். 2005இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுக்குத் தரும் ஒரு பேச்சு சிகிச்சையால் 28 சதவீதம் பேர் தேறினார்கள், இந்தத் தனிச் சிகிச்சையால் 51 சதவீதம் பேர். ஆகவே ஆலோசகரிடம் போகும்போது ‘நீடித்த துயரத்துக்கான சிகிச்சையில் உங்களுக்குப் பயிற்சி உண்டா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

‘நானும் அவரோடு போயிருக்கலாம்’ என்று அப்பா சொல்கிறார். எல்லோரும் சொல்வதுதானே என்று விடலாமா?

விடாதீர்கள், பதறவும் வேண்டாம். ‘அவரிடம் போய்ச் சேர்ந்தால் போதும்’ என்று துக்கத்தில் பலரும் சொல்வார்கள். அது ஏக்கத்தின் மொழி. ‘நான் வாழத் தகுதியில்லாதவன்’, ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்பது மனச்சோர்வின் மொழி. ஆனால் எது எது என்று வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. கேட்டுவிட வேண்டும். ‘அப்பா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு மூச்சு வருகிறது.

வழியை யோசித்திருந்தால், நாள் குறித்திருந்தால், பணவிவகாரங்களைத் திடீரென ஒப்படைத்தால், பொருள்களை ஆளுக்கொன்றாகக் கொடுக்கத் தொடங்கினால், மாத்திரைகளைச் சேர்த்துவைத்தால், நீண்ட தவிப்புக்குப் பின் காரணமில்லாமல் சட்டென்று தெளிந்தவர்போல் ஆனால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப்போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். உங்கள் நாட்டின் அவசர எண்ணையும் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையும் இப்போதே கைப்பேசியில் சேமித்துவையுங்கள். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், பக்கத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு இந்தப் பத்தியைக் காட்டுங்கள். விளக்கிச் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை.

உண்ணாமல், நீரும் அருந்தாமல், படுக்கையை விட்டு எழாமல் கிடப்பவரையும், தூங்குவதற்காகத் தினமும் மதுவை நாடத் தொடங்கியவரையும் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். குடி முதல் வாரங்களில் மருந்துபோல் வேலை செய்வதாகத் தோன்றும். உண்மையில் அது தூக்கத்தின் ஆழத்தைக் கெடுத்து, சோர்வைக் கூட்டி, தற்கொலை எண்ணம் வந்த இரவில் தடுப்பாக இருக்கும் நிதானத்தையும் எடுத்துவிடுகிறது.

மருத்துவர் என்றாலே ‘எனக்கென்ன பைத்தியமா’ என்கிறார். எப்படி அழைத்துப்போவது?

மனநல மருத்துவரிடமே முதலில் போக வேண்டும் என்றில்லை. தூக்கமின்மைக்காக, எடை குறைவதற்காகக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அது ஏமாற்றுவதும் ஆகாது. தைராய்டு குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வுபோலவே தோற்றம் காட்டும், இரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்தே ஆக வேண்டும். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள்.

அழைக்கும்போது நோயின் பெயரைச் சொல்லாமல் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு டிப்ரெஷன்’ என்றால் மறுப்பார். ‘ஆறு வாரமாக நீங்கள் செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை அப்பா, எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்காக ஒருமுறை வாருங்கள்’ என்றால் மறுப்பதற்கு அதில் எதுவும் இல்லை. மருத்துவரிடமும் அப்படியே. ‘சோகமாக இருக்கிறார்’ என்று சொல்லாமல், எத்தனை மணிக்கு எழுகிறார், சட்டை எவ்வளவு தளர்ந்துவிட்டது, தன்னைப் பற்றி என்ன வாக்கியம் சொன்னார் என்று எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான் இருக்கும். சில நிமிடமாவது அவரைத் தனியாகப் பேசவிடுங்கள். பிள்ளைகள் முன் சொல்லாததை அங்கே சொல்வார்.

மாத்திரை சாப்பிட்டால் அவர் நினைவே மரத்துப்போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். வலியைத்தான் இறந்தவரோடு இருக்கும் கடைசிக் கயிறாகப் பலர் பிடித்திருக்கிறார்கள்.

துக்கத்துக்கு மாத்திரை கிடையாது. நீடித்த துயரம் உள்ள 395 பேரை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து துயரத்தைக் குறைக்கவில்லை. ஆனால் தனிப் பேச்சு சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடவே இருந்த மனச்சோர்வைக் குறைத்தது. அதாவது மருந்து போய் வேலை செய்யும் இடம் நினைவு இருக்கும் இடம் இல்லை. இந்த மருந்துகள் பலன் தர பொதுவாக 2 முதல் 6 வாரம் ஆகும். பத்தாம் நாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று நிறுத்தாதீர்கள், பலன் தெரிந்ததும் நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம். முதல் வாரங்களில் படபடப்போ உயிரை விடும் எண்ணமோ கூடினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு உணர்வு மொத்தமுமே மழுங்கியதுபோல் இருக்கும். அப்போது அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், அதையும் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரை வேறு வகை. அது சில நாள் இரவுக்கு உதவலாம், வாரக்கணக்கில் நீண்டால் பழக்கமாகிவிடும்.

மேலே சொன்ன நூலகக்காரர் மருந்தும் எடுத்தார், வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சைக்கும் வந்தார். ஐந்தாவது வாரம் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்தார். ஏழாவது வாரம் மகள் பதறிப்போய் என்னை அழைத்தார். ‘அம்மா மறுபடி அழுகிறார், மருந்து வேலை செய்யவில்லை போலிருக்கிறது’ என்றார். எப்போது அழுதார் என்று கேட்டேன். காலையில் மேசையைத் துடைக்கும்போது மூக்குக்கண்ணாடியைப் பார்த்திருக்கிறார். தூசியை ஊதி, தலைப்பால் துடைத்து, ‘பாவம், இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேனே’ என்று சொல்லி அழுதிருக்கிறார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, பேரன் எத்தனை மணிக்கு வருவான் என்று கேட்டாராம்.